ஈரம் ஏறிய காரைச் சுவர்: நான் சொல்லித்தருவதும் சொல்லித்தரும் முறையும்

நான் சொல்லித்தருவது ஒரே ஒரு வேலை. செட்டிநாட்டுப் பழைய வீடுகளில், சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய செங்கல் சுவரில் ஈரம் ஏறிப் பூச்சு உதிர்கிறது என்றால், அது எதனால் என்று கண்டுபிடிப்பது. கண்டுபிடித்த பிறகு அந்த இடத்தைச் சுண்ணாம்பாலேயே திரும்பப் பூசவைப்பது. இதைப் போனிலும் வீடியோ அழைப்பிலும் சொல்லித்தருகிறேன். வீடு முழுவதையும் புதுப்பிப்பது, மரவேலை, ஓடு மாற்றுவது எல்லாம் எனக்கு ஓரளவு தெரியும். ஆனால் அவற்றைச் சொல்லித்தருகிற அளவுக்குத் தெரியாது.

சிவில் டிப்ளமா முடித்துவிட்டு, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் பூட்டியே கிடக்கும் வீடுகளைப் பராமரிக்கும் வேலைக்கு வந்தவன் நான். படிப்பில் சுண்ணாம்புக்கு ஒதுக்கியிருந்தது கொஞ்சம்தான். மீதியை வயதான இரண்டு கொத்தனார்களிடம், சாந்து குழைக்கிற இடத்தில் நின்று கற்றுக்கொண்டேன். இப்போது என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, ஊரில் பங்கு வீடு வைத்திருப்பவர்கள். மற்றவர்கள் இளம் பொறியாளர்கள். சிமெண்டு மட்டுமே பூசிப் பழகிய கொத்தனார்களும் இப்போது அவ்வப்போது கூப்பிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த மாணவர்கள் அவர்கள்தான். பாதி சொல்லும்போதே மீதி அவர்கள் கைக்குப் புரிந்துவிடுகிறது.

எதைச் சொல்லித்தர மாட்டேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டுச் சுவர் என்றதும் எல்லோரும் கேட்பது முகம் தெரிகிற அந்த வழவழப்பான பூச்சைத்தான். அரைத்த சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று பல மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, கடைசியில் வழவழப்பான கல்லால் தேய்த்து எடுப்பார்கள். தேய்க்க வேண்டிய நேரம் என்று ஒன்று உண்டு. கொஞ்சம் முந்தினால் பூச்சு கல்லோடு ஒட்டிக்கொண்டு வரும், பிந்தினால் பளபளப்பு ஏறாது. அந்த நேரத்தை விரல்தான் சொல்லும், திரையில் பார்த்துச் சொல்ல முடியாது. அதைக் கற்க விரும்புகிறவர்கள் தெரிந்த கொத்தனார் ஒருவரோடு ஒரு பருவம் கூடவே வேலை செய்ய வேண்டும். என்னிடம் பணம் கட்டிவிட்டு ஏமாறக் கூடாது.

சரி, போனில் எப்படிச் சுவரைப் பார்ப்பது?

முதல் அழைப்புக்கு முன்பே படங்கள் கேட்பேன். உதிர்ந்த இடத்தின் நெருக்கப் படம் மட்டும் வந்தால் எனக்கு ஒன்றுமே தெரியாது. தரை முதல் கூரை வரை முழுச் சுவரும் தெரிகிற படம் ஒன்று வேண்டும். அதே சுவரின் வெளிப்பக்கம், அதற்கு நேர் மேலே உள்ள கூரை, பக்கத்தில் ஓடும் மழைத்தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் இவற்றுக்கும் படம் வேண்டும். இன்னொரு படம் இரவில் எடுக்க வேண்டும்: விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிவைத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால், பகலில் தெரியாத புடைப்பெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும்.

ஈரத்தின் உருவத்திலேயே பாதிக் காரணம் தெரிந்துவிடும். தரையிலிருந்து தொடங்கி ஏறத்தாழ இடுப்புயரம் வரை பட்டையாக, மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்து நின்றால், மண்ணிலிருந்து ஏறுகிற ஈரம். மேலேயிருந்து நாக்குப்போல இறங்கினால் ஓடு உடைந்திருக்கும், அல்லது இரண்டு கூரைச் சரிவுகள் கூடுகிற இடத்துத் தகரம் ஓட்டையாகியிருக்கும். நடுச்சுவரில் தனியாக ஒரு வட்டம் என்றால் பெரும்பாலும் குழாய். மழை பெய்தால் கூடுகிறதா, எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் கேட்பேன். கூரைக் கசிவு மழைக்கு உடனே பதில் சொல்லும். மண் ஈரம் மெதுவாகத்தான் சொல்லும்.

காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறதா, சுவருக்குள்ளிருந்தே வருகிறதா என்று சந்தேகம் வந்தால், சாப்பாடு கட்டுகிற அலுமினியத் தாளில் ஒரு துண்டை எடுத்து, நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒருநாள் விட்டுவிடச் சொல்வேன். பூட்டியே கிடக்கிற அறைகளில் இந்தச் சந்தேகம் அடிக்கடி வரும். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் காற்று. சன்னலைத் திறந்துவைத்தாலே பாதி சரியாகும். உள்பக்கம் நனைந்திருந்தால் சுவர்தான்.

அப்புறம் தட்டிப் பார்ப்பது. விரல் முட்டியால் ஒரு சாணுக்கு ஒரு தட்டு, கீழிருந்து மேலாக. பூச்சு செங்கலை விட்டு விலகியிருந்தால் காலிப் பானையைத் தட்டுவதுபோலக் கேட்கும். தட்டுகிற சத்தத்தைப் பதிவுசெய்து குரல் செய்தியாக அனுப்பச் சொல்வேன். போனில் அது நன்றாகவே கேட்கிறது. காலியாகக் கேட்ட இடங்களைச் சாக்பீஸால் சுற்றி வரைந்துவிட்டால், எவ்வளவு பெயர்க்க வேண்டும் என்பதற்கு வரைபடம் தயார்.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு முழுதாகச் சொல்கிறேன். தேவகோட்டைப் பக்கம் ஓர் ஆச்சி. இரண்டாங்கட்டின் பக்கச் சுவர். அண்ணன் மகன்தான் அழைப்பை ஏற்பாடு செய்தான், பேசியது முழுக்க ஆச்சி. சில ஆண்டுகளுக்கு முன்பு அந்தச் சுவரில் கீழே உதிர்ந்ததைச் செதுக்கிவிட்டு மூன்றடி உயரத்துக்குச் சிமெண்டு பூசியிருந்தார்கள்.

"புதுப் பூச்சு கல்லுமாதிரி இருக்கு தம்பி. அதுக்கு மேல இருக்கிற பழசுதான் இப்பக் கொட்டுது. அதனால சிமெண்டை ஆறடிக்கு ஏத்திரலாம்னு கொத்தனார் சொல்றாரு. நீங்க சரின்னா ஆரம்பிச்சிரலாம்."

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும், அதனால்தான் இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தேன். பழைய சுவருக்கடியில் ஈரம் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணில் உள்ள தண்ணீர் செங்கலின் நுண்துளை வழியாக மேலேறும், சுண்ணாம்புப் பூச்சின் வழியாக ஆவியாகி வெளியே போகும். ஏறுவதும் காய்வதும் ஈடாக இருக்கிற உயரத்தில் ஈரம் நின்றுவிடும். சிமெண்டுப் பூச்சு அந்தக் காய்கிற வழியை அடைத்துவிடுகிறது. தண்ணீர் வழி தேடி, சிமெண்டு முடிகிற இடத்துக்கு மேலே ஏறி, அங்கே உள்ள பழைய காரை வழியாகக் காய்கிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், அது சுமந்து வந்த உப்பு போகாது. காரையின் துளைக்குள்ளேயே அது படிகமாகிப் பருத்து, காரையை உள்ளிருந்து உடைக்கும். ஆச்சி வீட்டில் கொட்டியது பழசின் பலவீனத்தால் அல்ல, கீழே அடைத்ததால். ஆறடிக்கு ஏற்றினால் ஏழாவது அடியில் கொட்டும், நடுவில் உள்ள செங்கலும் நனைந்தே கிடக்கும்.

ஆனால் சிமெண்டு வருவதற்கு முன்பே கீழே ஏன் உதிர்ந்தது? அந்த வீடு நூறு வருடத்துக்குப் பக்கம் நின்றிருக்கிறது. இந்த வீடுகளை உயரமான அடித்தளத்தில் தூக்கித்தான் கட்டியிருப்பார்கள். முற்றத்துத் தண்ணீரும் கூரைத் தண்ணீரும் வெளியே ஓடிவிட வழியும் வைத்திருப்பார்கள். அப்படியானால் வெளியே ஏதோ மாறியிருக்க வேண்டும். வெளிப்பக்கப் படம் வந்ததும் தெரிந்துவிட்டது. சுவரை ஒட்டிய சந்தில் கான்கிரீட் தளம் போட்டிருந்தார்கள், அதன் சரிவு சுவரை நோக்கி இருந்தது. முன்பு சந்துக்கு மூன்று படி இறங்குவோம் என்றார் ஆச்சி. படத்தில் ஒரு படிதான் இருந்தது. சந்து உயர்ந்திருக்கிறது, மழைத்தண்ணீர் சுவர் ஓரத்தில் நின்று ஊறுகிறது. உயர்த்திய சாலை, சரிவு மாறிய சிமெண்டுத் தளம், உடைந்த மழைக்குழாய் — இந்தப் பக்கத்தில் நான் பார்த்த மண் ஈரத்தில் பெரும்பகுதி இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

அதனால் பூச்சு வேலையே வேண்டாம், முதலில் சந்து என்று சொன்னேன். சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்குத் தளத்தை உடைத்து, ஓரடி ஆழம் தோண்டி, ஜல்லி நிரப்பி, மீதித் தளத்தின் சரிவைச் சாக்கடைப் பக்கம் திருப்ப வேண்டும். தோண்டும்போது சுவரின் முழு நீளத்தையும் ஒரே நாளில் திறக்கக் கூடாது. ஆறேழு அடியாகத் திறந்து, நிரப்பி, அடுத்ததற்குப் போக வேண்டும். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மண்வெட்டி போகவே கூடாது. சந்து பங்காளிகளுக்குப் பொது. தோண்டியது சில நாள்தான், சம்மதம் வாங்கத்தான் அதிக நாள் ஓடியது. அந்தப் பேச்சுவார்த்தையை எந்த வழிகாட்டியும் சொல்லித்தர முடியாது; ஆச்சியே எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து முடித்தார்.

அடுத்தது சிமெண்டைப் பெயர்ப்பது. உளியை நேராக அடித்தால் சிமெண்டு செங்கலின் முகத்தையும் பிடுங்கிக்கொண்டு வரும். தட்டை உளியைச் சாய்த்து, காலியாகக் கேட்கிற இடத்திலிருந்து தொடங்கி, ஓரத்தில் நெம்ப வேண்டும். ஈரக்கோட்டுக்கு மேல் இன்னும் ஓரடி வரை பெயர்க்கச் சொல்வேன். இணைப்புகளில் பொடியாகிப்போன காரையை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுக்க வேண்டும். பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி, கீழே தாள் விரித்து அள்ளி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போகும். இதைச் சொல்லாவிட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் குழாயைத் திருப்பிவிடுவார்கள்.

சுவரைத் திறந்தபடியே காயவிட வேண்டும். ஒன்றரை அடி, இரண்டடிச் சுவர் முழுதாகக் காய ஒரு வருடமே போதாது, அதற்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. பூசப்போவது சுண்ணாம்பு என்பதால் மீதி ஈரம் அதன் வழியாகப் போய்விடும். புதிதாக உப்புப் பூப்பது குறைகிறதா என்று மட்டும் பார்ப்போம். ஆச்சி வீட்டில் தை மாதம் திறந்தது பங்குனியில்தான் பூச்சுக்கு வந்தது. நடுவில் வாரம் ஒருமுறை உப்பைத் தட்டி எடுத்தார்கள், அதே இடத்தில் நின்று ஒரு படம் அனுப்பினார்கள். அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, ஆச்சியே "இனிப் பூசலாம்ல தம்பி" என்றார். அவர் சொன்னது சரியான வாரம்.

காய்கிற அந்த இடைவெளியில்தான் மணலையும் சுண்ணாம்பையும் சொல்லித்தருவேன். சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று என்று எல்லோருக்கும் வாய்ப்பாடாகத் தெரியும். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் கையில் உள்ள மணலுக்கு ஏற்ப மாற்ற முடியும். ஒரு லிட்டர் டம்ளர் நிறைய நன்றாகக் காய்ந்த மணலை நிரப்பித் தட்டி மட்டப்படுத்துங்கள். அளந்த தண்ணீரை மெதுவாக ஊற்றி, மேலே தெரிகிறபோது நிறுத்துங்கள். உள்ளே போன தண்ணீரின் அளவுதான் மணல் துகள்களுக்கு இடையிலுள்ள வெற்றிடம். சுண்ணாம்பு அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டும், அவ்வளவே. பெரும்பாலும் 330 மில்லியை ஒட்டி வரும். அதுதான் மூன்றில் ஒரு பங்கு. ஒரே அளவுத் துகள்களாக உள்ள மணல் 400 வரைகூடக் குடிக்கும். அதற்கு ஒன்றுக்கு மூன்று போட்டால் பூச்சு பொடிபொடியாக உதிரும், ஒன்றுக்கு இரண்டரை வேண்டும். தேவைக்கு மேல் சுண்ணாம்பு போட்டால் காயும்போது சுருங்கி வலைவலையாக விரிசல் விழும். ஆச்சி வீட்டுக்கு வந்தது அரைத்த மணல், அதில் தூசி அதிகம். கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர், குலுக்கி ஒரு மணி நேரம் வைத்தபோது, மேலே விரற்கடை அளவுக்கு மாவுபோலப் படிந்தது. இரண்டுமுறை கழுவிய பிறகுதான் சம்மதித்தேன்.

ஏற்கெனவே தண்ணீர் விட்டுத் தாளித்து, வாரக்கணக்கில் தண்ணீருக்கடியில் ஊறிய சுண்ணாம்பை வெண்ணெய்ப் பதத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்வேன். சுட்ட கல்லை வாங்கி வீட்டில் தாளிப்பதை முதல்முறைக்காரர்களுக்கு நான் சொல்லித்தருவதில்லை. தண்ணீர் பட்டதும் அது கொதிக்கும், பிளாஸ்டிக் வாளி இளகிவிடும், தெறித்த துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஊறிய சுண்ணாம்பைக் கையாளும்போதும் கண்ணாடியும் கையுறையும் உண்டு. கண்ணில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டு விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடுக்காய்த் தண்ணீர், வெல்லத் தண்ணீர் கலக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கலக்கலாம், பழைய வழக்கம்தான், சாந்து வழுக்கி வேலைக்கு இணங்கி வரும். ஆனால் சந்துத் தண்ணீரை நிறுத்தாமல் கடுக்காய் மட்டும் போட்டுப் பயனில்லை. முதலில் வெறும் சுண்ணாம்பும் மணலும் பழகட்டும்.

பிறகு மாதிரிக் கட்டம். சுவரில் கண்ணுக்கு அதிகம் படாத மூலையில் ஓரடிக்கு ஓரடியாக மூன்று கட்டம், மூன்று விகிதத்தில் பூசி, பத்து நாள் பார்ப்பது. எது விரிகிறது, எது நகத்தில் உதிர்கிறது என்று அங்கேயே தெரியும். இந்த இடத்தில் கொத்தனாரையும் அழைப்பில் உட்காரச் சொல்வேன். வீட்டுக்காரர்களுக்கு நான் வைக்கும் நிபந்தனை ஒன்று: போனில் நான் சொன்னதை அவரிடம் ஒப்பிக்கக் கூடாது. ஆச்சி வீட்டுக் கொத்தனாரிடம் நான் கேட்டது இவ்வளவுதான்: "அண்ணே, இந்த மூணு கட்டத்தையும் நீங்களே போட்டுப் பாருங்க. எது நிக்குதுன்னு நீங்க சொல்லுங்க." பத்தாம் நாள் அவரே கூப்பிட்டு, நடுக்கட்டம்தான் சரி, இரண்டரைதான் நிற்கிறது என்றார். அதன் பிறகு சிமெண்டுப் பேச்சு வரவில்லை.

பூசும் முறையில் சிமெண்டுப் பழக்கம் மூன்று இடத்தில் உதைக்கும். முதலாவது, சுவரை முந்தின நாள் மாலையும் அன்று காலையும் நனைக்க வேண்டும். காய்ந்த செங்கல் சாந்திலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிட்டால் பூச்சு பிடிக்காது. இரண்டாவது, கனம். ஒரு பூச்சு பத்து மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பள்ளமான இடத்தைச் செங்கல் சில்லுகளைச் சாந்தில் பதித்து முன்கூட்டியே நிரப்பிவிட வேண்டும், ஒரே அப்பாக அப்பக் கூடாது. மூன்றாவது, பூசிய அன்றோடு வேலை முடிவதில்லை. மறுநாள், சில நேரம் அதற்கு மறுநாளும், மரக்கட்டையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். சுருங்கும்போது விழுகிற மயிரிழை விரிசல்கள் அதில் மூடிக்கொள்ளும். அடுத்த பூச்சு ஏற, முதல் பூச்சில் கட்டைவிரல் நகம் லேசாக மட்டும் பதிய வேண்டும்.

சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான். அதற்குக் காற்றும் வேண்டும், மெல்லிய ஈரமும் வேண்டும். பங்குனிக் காற்றில் விட்டால் ஒரே நாளில் காய்ந்து மாவாகிவிடும். சுவருக்கு நாலு விரல் தள்ளிக் கயிறு கட்டி ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தெளித்து, பத்து நாள் காக்கச் சொன்னேன். ஆச்சி வீட்டுச் சுவர் உள்பக்கம் என்பதால் வெயில் நேராக விழவில்லை. வெளிச்சுவர் என்றால் பங்குனி சித்திரையில் தொடவே மாட்டேன்.

உள்ளே எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க, மாதிரிக் கட்டத்தின் ஓரத்தில் ஒரு துண்டை உடைத்து, உடைந்த முகத்தில் மஞ்சள் தண்ணீர் தொடச் சொல்வேன். இறுகாத சுண்ணாம்பு பட்ட இடம் ஆழ்ந்த சிவப்பாகும், இறுகிய வெளி ஓரம் அந்த அளவுக்குச் சிவக்காது. ஒரு மாதம் கழித்துச் செய்தாலும் உள்ளே நல்ல சிவப்பு இருக்கும். அவசரப்பட்டுப் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று நான் சொல்வதைவிட, அந்தச் சிவப்பு நன்றாகச் சொல்லும். அடிக்கும்போதும் பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்பை மூன்று நான்கு கையாக மெல்ல அடிப்பதுதான். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால், பெயர்த்தெடுத்த சிமெண்டைத் திரும்ப ஒட்டிய கதை.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. நூறாண்டு உப்பு சுவருக்குள் இருக்கிறது. அது இனியும் மெல்ல வெளியே வரும், கீழ்ப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். சில ஆண்டுகள் கழித்து அடியில் ஓரடி ஒன்றரையடி திரும்பப் பூச வேண்டிவரலாம். செங்கலைக் காப்பாற்ற அந்தப் பூச்சு தேய்கிறது என்று எடுத்துக்கொள்பவர்கள்தான் என்னோடு வேலை செய்ய முடியும். இனித் தொடவே வேண்டாம் என்கிற உத்தரவாதம் கேட்பவர்களுக்கு நான் சரியான ஆள் இல்லை. சுவர் வெளியே சாய்ந்திருந்தாலோ, விரிசலில் விரல் நுழைந்தாலோ, உத்திரம் உட்காருகிற இடத்தில் செங்கல் நொறுங்கியிருந்தாலோ, அழைப்பை அங்கேயே நிறுத்திவிட்டு நேரில் ஒரு கட்டட அமைப்புப் பொறியாளரை வரச் சொல்வேன்.

அழைப்புகள் மொத்தம் நான்கு அல்லது ஐந்து: சுவரைப் பார்க்க ஒன்று, காரணத்தை உறுதிசெய்ய ஒன்று, மாதிரிக் கட்டத்துக்குக் கொத்தனாரோடு ஒன்று, பூச்சு தொடங்குகிற நாள் ஒன்று, தேவைப்பட்டால் சாக்கு எடுத்த பிறகு ஒன்று. நடுவில் படங்களுக்கும் குரல் செய்திகளுக்கும் அன்றிரவே பதில் தருவேன். படங்களை ஐப்பசி கார்த்திகை மழையிலேயே எடுத்து அனுப்புங்கள், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும். வேலையைப் பொங்கல் கழித்துத் தொடங்கலாம். முதல் அழைப்பின்போது கையில் டார்ச், சாக்பீஸ், அளவு நாடா மூன்றும் இருக்கட்டும். முடிந்தால் சந்து முன்பு எந்த மட்டத்தில் இருந்தது என்று நினைவிருக்கிற பெரியவர் ஒருவரும் பக்கத்தில் இருக்கட்டும்.